அழைப்பு வராத இரண்டு காலைகள்

புதுக்கோட்டையில் சிறுநீரக நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆலங்குடி, பொன்னமராவதி, குளத்தூர், திருமயம், அப்புறம் புதுக்கோட்டை என்று ஐந்து இடங்களில் எங்களுக்கு ரத்தப் பரிசோதனை மையங்கள் இருந்தன. நோயாளிகள் மாதம் ஒருமுறை பக்கத்து மையத்தில் ரத்தம் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் முடிவு அந்தந்த மையத்தின் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். தினமும் காலை ஆறரைக்கு நான் எழுதிய புரோகிராம் தானாக ஓடி, ஐந்து கம்ப்யூட்டர்களிலும் புதிதாக ஏறியிருக்கும் முடிவுகளை எடுத்து, அபாயமான அளவு இருப்பவர்களின் பெயரை மட்டும் ஒரே பட்டியலாக்கித் தரும். ஏழு மணிக்கு சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு போன் முன்னால் உட்காருவார்.

சிஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நோயாளிகளின் வீட்டு நிலவரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "ஐயா, பொட்டாசியம் ஏறிப்போய்க் கெடக்கு. சாப்பிட்டது சாப்பிடாதது பாக்காம ஒடனே கிளம்பி வாங்க" என்று அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. பொட்டாசியம் எல்லை மீறினால் வலி ஒன்றும் தெரியாமலே இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் அந்த அவசரம். பட்டியல் வருவதற்கு முன்பு லேப்காரர்களே நேராக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். பட்டியல் வந்த பிறகு அந்த வழக்கம் மெல்ல நின்றுபோனது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் நான் எழுதிய புரோகிராம், ஒரு மையம் கிடைக்காவிட்டாலும் பிழை காட்டி அப்படியே நின்றுவிடும். ஒருநாள் குளத்தூரில் கரண்ட் இல்லை. பட்டியலே வரவில்லை. சிஸ்டர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"குளத்தூரு வரலங்கிறதுக்காக மத்த நாலையும் ஏம்மா நிறுத்தி வைக்கிற? அங்கிட்டு இருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவர் கேட்டது நியாயம். அன்றைக்கே திருத்தினேன். ஒரு மையத்திலிருந்து பதில் வராவிட்டால் அங்கே யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போ என்று எழுதினேன். கடைசியில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு வரி. அன்றிலிருந்து பட்டியல் ஒருநாளும் தவறவில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

ஆலங்குடிப் பக்கத்து நோயாளி ஒருவர். வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, சொந்தத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், "தோப்புக்குள்ளயே இருக்கேன், குடிக்க மட்டும் கூடாதுங்கிறாக" என்று சொல்லிச் சிரிப்பார். சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆலங்குடி மையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். மையத்தின் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. லேப்காரர் முடிவுகளை வழக்கம்போல ஏற்றினார். அவை எங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். புதன் காலை என் புரோகிராம் ஆலங்குடியைத் தட்டிப் பார்த்தது, பதில் இல்லை, அடுத்ததற்குப் போனது. வியாழனும் அப்படியே. இரண்டு நாளும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்றுதான் வந்தது. ஆலங்குடிக்காரர் ஒருவர் பெயரும் இல்லை. சிஸ்டர் என்னிடம், "ஆலங்குடி ஆளுங்க இந்த வாரம் பத்தியமா இருக்காக போல" என்று சொன்னார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை லைன் சரியானது. அதுவரை எடுக்காமல் கிடந்த முடிவுகளும் சேர்ந்து வந்தன. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சிஸ்டர் பதறிப்போய்ப் போன் போட்டார். நான் எதிரில்தான் நின்றிருந்தேன்.

"ஆத்தா, ஐயாவ ஒடனே கூட்டிக்கிட்டு வாங்க..."

எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள். ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"நேத்து மத்தியானம் தோப்புலயே விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உசிரு போயிருச்சாம்."

பழைய பதிவுகளை எடுத்துப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதில் தவறு என்று பார்க்கும் முன்பே தெரிந்திருந்தது. ஆலங்குடியில் அபாயத்தில் யாரும் இல்லை என்பதும், ஆலங்குடியில் என்ன நிலவரம் என்றே தெரியவில்லை என்பதும் என் பட்டியலில் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் இருந்தன. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாந்தானே ஒன்னய அவசரப்படுத்துனேன்" என்றார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

டாக்டரிடம் போய், பட்டியல் சரியாக வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "போன் போயிருந்தா வந்திருப்பார். அதுக்கு மேல உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்த வாரமே புரோகிராமை மாற்றினேன். நான்கு மையங்கள் கிடைத்தால் நான்கின் பெயர்களும் வரும். அதில் தாமதம் கிடையாது. ஆனால் பட்டியலுக்கு மேலே ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனி வரி. பொன்னமராவதி: படித்தாயிற்று, நாற்பத்தொரு பேர் பரிசோதனை, அபாயம் யாருமில்லை. ஆலங்குடி: படிக்க முடியவில்லை, கடைசியாகப் படித்தது முந்தாநாள் காலை. படித்துப் பார்த்தால்தான் 'யாருமில்லை' என்று எழுதலாம். ஒன்று விடுபட்டாலும் 'வெற்றி' என்ற சொல் வராது. 'ஐந்தில் நான்கு மட்டும்' என்று வரும். கால்மணி கழித்து விடுபட்டதை மட்டும் மறுபடி தட்டிப் பார்க்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் சிஸ்டர் அந்த லேப்காரருக்கே போன் செய்து, முடிவுகளை வாயால் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்வார். லேப்காரர்கள் அபாய அளவைக் கண்டால் நேராகக் கூப்பிடும் பழைய வழக்கத்தையும் டாக்டர் திரும்பக் கொண்டுவந்தார்.

இரண்டு வாரத்தில் ஒருநாள் திருமயம் லைன் போய்விட்டது. மற்ற நான்கு இடத்துப் பெயர்களும் நேரத்துக்கு வந்தன. சிஸ்டர் திருமயத்துக்குப் போன் போட்டு எழுதிக்கொண்டார். இரண்டு பேரை வரச் சொன்னார், வந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தோப்புக்காரர் வீட்டில் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆலங்குடிக்குப் பஸ் ஏறினேன். போக வேண்டாம் என்று ஆபீசில் சொன்னார்கள். அவருடைய மனைவி வாசலில் தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

கையில் எடுத்த மட்டையைக் கீழே வைத்தார்.

"புதங்கிழமையே கேட்டேங்க அவுககிட்ட, ஆஸ்பத்திரில இருந்து ஏதும் வந்துச்சான்னு. போன் வரல, அப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாக. அந்தத் தெம்புலதான் மறுநாளும் தோப்புக்குப் போனாக. நானும் போங்கன்னுட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது மாற்றிவிட்டோம் என்று என்னவோ சொன்னேன்.

"எப்புடி மாத்துனீங்க?"

"ஒரு ஊர்ல இருந்து முடிவு வரலைன்னா, வரலைன்னே எழுதி வரும்மா. தெரியலைன்னா தெரியலைன்னு."

அவர் ஒரு மட்டையை எடுத்து மற்றதன்மேல் வைத்தார்.

"அத அன்னைக்கே எழுதியிருக்கலாமுல்ல" என்றார். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எழுதியிருக்கலாம் என்றேன். கடைசி மட்டையை அவர் அடுக்கி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.