சர்வர் இல்லை

எங்கள் ஊரில் சாவுச் செய்திக்கு அடுத்தபடியாகத் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் செய்தி, சர்வர் இல்லை என்பது. பட்டா வாங்கப் போனாலும் அதுதான், ரேஷன் கடைக்குப் போனாலும் அதுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மகளுக்குக் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்துக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். போனின் சின்னத் திரையில் எதையாவது தப்பாகத் தட்டிவிட்டால் போச்சு என்று நான்தான் மதியத்துக்கு மேல் அவளைத் திண்டிவனம் சாலையிலிருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். வெளியே எங்கள் ஊர் மலைக்கோட்டையின் பாறைகள் வெயிலில் காய்ந்து, நெருங்கி வந்து நிற்பதுபோல் இருந்தன.

உள்ளே எல்லா நாற்காலியிலும் பிள்ளைகள், பின்னால் பெற்றவர்கள். அநேகமாக எல்லாத் திரையிலும் அதே சேர்க்கைத் தளம், அதே வெள்ளை, நடுவில் சுற்றிக்கொண்டேயிருக்கும் ஒரு வட்டம். காலையில் மெதுவாகவாவது வந்ததாம். பதினொரு மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை.

“தட்டிக்கினே இருங்க, வரும்,” என்றார் சென்டர் நடத்தும் பெண். எல்லாரும் தட்டினார்கள். ரீஃப்ரெஷ், மறுபடி ரீஃப்ரெஷ். ஓட்டின்மேல் மழை விழுவதுபோல் சத்தம்.

பனமலையிலிருந்து மகனோடு வந்திருந்த ஒருவர் மூலைத் திரையைக் காட்டிச் சிரித்தார். அங்கே யாரோ சினிமாப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இன்னாம்மா, பாட்டு மட்டும் ஜம்முனு ஆடுது. காலேஜுக்குத்தான் கால் வலியா?” பிறகு தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். “சர்வர் இல்லன்னா தேதிய தள்ளி வெச்சுடுவாங்க. போன வருசமும் அப்படித்தான்.” மகனை எழுப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தளம் செத்துக் கிடந்தால் ஊரே காத்திருக்கும், தேதி தள்ளிப்போகும். கோளாறு எங்கள் பக்கம் என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். தளம் செத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது?

மகளுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேறு பிரவுசரில் திறந்தாள். வெள்ளை. பிரவுசர் சேர்த்துவைத்திருந்த பழையதையெல்லாம் அழித்துவிட்டுத் திறந்தாள். வெள்ளை. தன் போனில் திறந்தாள். அதிலும் அதே வட்டம்.

“போன்லயும் வர்லன்னா சர்வர்தாம்மா,” என்றேன். என் குரலில் நிம்மதி இருந்தது.

திண்டிவனத்திலிருக்கும் தோழியைக் கூப்பிட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

“நைனா, அவளுக்கு இப்பகூட தெறக்குதாம்.”

சென்டர்க்காரப் பெண் நிமிர்ந்தார். “உன் போன் எதுல ஓடுது பாப்பா? எங்க வைஃபைலயா?”

ஆமாம், அதில்தான். போன வாரம் வந்தபோது போட்ட பாஸ்வேர்டு. உள்ளே நுழைந்ததும் போன் தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. வைஃபையை அணைத்தாள். போனின் சொந்த டேட்டாவில் பக்கம் திறந்தது. அவள் பெயர், கல்லூரி, கீழே உறுதி செய்யும் பொத்தான். எதுவுமே நடக்காததுபோல்.

சென்டர்க்காரப் பெண் வரிசையாக எல்லாத் திரைகளையும் பார்த்தார். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி, நிதானமாகச் சொன்னார்: “தட்டாதீங்க. கைய எடுங்க.”

இத்தனை கம்ப்யூட்டரும் வெளியே போவது ஒரே லைனில், ஒரே இணைய முகவரியில். காலையிலிருந்து அந்த ஒரு முகவரியிலிருந்து ஓயாமல் தட்டியிருக்கிறோம். கதவை உடைக்க வந்த கூட்டம் என்று நினைத்து, அந்தத் தளம் எங்களுக்கு மட்டும் கதவை அடைத்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும் என்றார், நிச்சயமாகத் தெரியாது என்றும் சொன்னார். தெரிந்தது ஒன்றுதான்: தளம் உயிரோடிருக்கிறது, பிரவுசரில் குற்றமில்லை, அடைபட்டது இந்த லைன்.

மகள் பொத்தானை அழுத்தினாள். உறுதியானது. நான் மூச்சு விட்டேன், அவள் விடவில்லை. வைஃபையை விட்டுவிட்டு அவரவர் டேட்டாவில் திறக்கச் சொல்லி ஒவ்வொரு நாற்காலியாகப் போனாள். பழைய பட்டன் போனோடு வந்தவர்களுக்குத் தன் போனையே கொடுத்தாள். ஆள் மாற்றி ஆள். யாரும் இரண்டாம் முறை தட்டவில்லை. சென்டரில் அப்படி ஓர் அமைதி.

சென்டர்க்காரப் பெண் மட்டும் தன் போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தார். பனமலைக்காரர் காலையில் உள்ளே வந்தபோது சென்டர் நோட்டில் எழுதிய எண். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று திரும்பத் திரும்ப ஒரு குரல். நிறுத்திவிட்டு மறுபடி அழைத்தார். மறுபடி.

மணி ஐந்தானது.

“தேதி தள்ளி வெப்பாங்களாண்ணா?” என்று என்னைக் கேட்டார்.

நான் சாலையைப் பார்த்தேன். பஸ் பனமலை ஏரிக்கரைத் திருப்பத்தை நெருங்கியிருக்கும். ஜன்னலோரம் மகன் தூங்கிக்கொண்டிருப்பான். தகப்பன் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், தாழ்ந்த குரலில், சர்வர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.