திருகிப் பழகிய கை

என் வீட்டுக்காரர் சித்தன் இருபது வருடம் காப்பிப் பழம் பறித்தவர். இப்போது வெள்ளக்கடையிலிருந்து ஏற்காட்டு ஓட்டலுக்கு சைக்கிளில் பால் கொண்டுபோகிறார். காலை ஏழு மணி தாண்டினால் அங்கே பாக்கெட் பால் வாங்கிவிடுவார்கள்.

அன்று சைக்கிள் டயருக்குக் காற்றடித்து முடித்ததும் பம்புத் தலை வால்வை விட்டு வரவில்லை. அதன் பூட்டுப் பிடியைத் தூக்கிவிட்ட பிறகும் உள்ளே இருந்த ரப்பர் கவ்விக்கொண்டது. காற்று மட்டும் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. இவர் பிடித்துத் திருகினார்.

"ஏனுங்க, அதென்ன காப்பிப் பழமா? திருகுனா வால்வு அடியோட பிஞ்சிரும்!"

"கை தானா திருகுது புள்ள, நான் என்ன பண்ணட்டும்?"

"கையை எடுங்க மொதல்ல."

வால்வின் அடியை நான் ரிம்மோடு சேர்த்துப் பிடித்தேன். சோப்புத் தண்ணீர் விட்டு அவர் நேராக இழுத்தார். அசையவில்லை. பிறகு பம்புத் தலையை ஒரு கையால் ஆடாமல் பிடித்து, அதன் வாயிலிருந்த மரை வளையத்தை மறுகையால் கழற்றினார். ரப்பர் தளர்ந்து, தலை நேராக வந்தது. வால்வு வளையவில்லை.

ஆனால் முதலில் திருகியதில் பம்புத் தலையின் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. டயரில் காற்று இல்லை, அடிக்கவும் வழியில்லை. மணி ஆறேகால்.

"நொம்ப தூரமுங்க" என்றேன்.

அவர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். ஏழுக்குள் சேர முடியாது என்று இருவருக்கும் தெரியும்.