ஒட்டாமல் அனுப்பிய பொங்கல் வாழ்த்து

தமிழர் வீடுகளை எரித்த கலவரம் முடிந்து வந்த முதல் தை அது. உக்குவளையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தேன். பொங்கல் அட்டைக்கு வரி எழுதுவதும் என் தலையில்தான்.

"இன்பம் பொங்கட்டும், வளம் தங்கட்டும்னு இந்த வருசம் போட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, புள்ள. வேற மாதிரி எழுதுங்க" என்றார் முதலாளி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாதிப் பேருக்குப் பானை வைக்க அடுப்பே இல்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் வரியில் நன்றி. அதுவும் கண்ணால் பார்த்த ஒன்றுக்கு. இரண்டாம் வரியில் நம்பிக்கை. அடுத்த தைக்குள் நடக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக. 'எரிந்த கூரைக்குத் தகரம் தூக்கித் தந்த கைகளுக்கு நன்றி. அடுத்த தைக்குள் நம் வாசலில் கோலம் விழட்டும்.' அட்டைகள் நன்றாகப் போயின. எனக்குச் சந்தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

கலவரத்தின்போது யட்டவத்தவில் ஒரு சிங்களக் குடும்பம் எங்களை ஐந்து நாள் தங்கள் மிளகு அறைக்குள் ஒளித்து வைத்திருந்தது. அவர்களுக்கு மட்டும் சிங்கள எழுத்தில் தனியாக ஓர் அட்டை கோர்த்தேன். 'ஐந்து நாள் கதவைப் பூட்டிக் காத்ததற்கு நன்றி. இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வர வேண்டும்.' வாழ்த்து அட்டையின் உறையை ஒட்டாமல், மூடியை உள்ளே மடித்து அனுப்பினால் முத்திரைச் செலவு குறைவு. எல்லாரும் அப்படித்தான் அனுப்புவோம். நானும் அப்படியே அனுப்பினேன். அந்தப் பக்கத்துத் தபாலைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை யோசிக்கவில்லை. புத்தி எங்கே போயிருந்ததோ.

பொங்கலன்று மத்தியானம் அந்த வீட்டு அக்கா மட்டும் தனியாக வந்தார். கடையில் யாரோ அட்டையை எடுத்து உரக்கப் படித்தார்களாம். தமிழரை ஒளித்து வைத்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்ததாம். மறுநாள் காலையில் பார்த்தால், காய்த்து நின்ற மிளகுக் கொடிகள் அத்தனையும் அடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தனவாம். சிங்களத்தில், சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"அக்கே, நான்..." என்றேன். அழக்கூட வரவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

"சாப்பிட வரச் சொன்னாயே, நங்கி. போடு" என்றார். தங்கை என்றே கூப்பிட்டார்.

இலை போட்டேன். பொங்கலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனிமேல் எங்களுக்கு எழுதாதே" என்றார்.