யாரும் மறுக்க மாட்டார்கள்

அறுவை சிகிச்சை வார்டின் ஹெட் நர்ஸுக்கு அங்கே 'சைரன்' என்று பெயர். அது அவளுக்கு மட்டும்தான் தெரியாது. தொண்டையைத் திறந்தாளென்றால் லிஃப்டில் வருகிறவர்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். வேலையில் அப்பழுக்கில்லாதவள். அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

நாற்பத்து நாலு வயதில் பிஎச்.டி. ஆசை வந்தது. படிப்பு விடுப்பு நாற்பத்தைந்துக்கு மேல் கிடையாது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். ஆய்வுத் திட்டம் ஐந்து பக்கத்துக்குள் இருக்க வேண்டும். அவள் எழுதியதில் நர்சிங்கின் மகிமையே மூன்று பக்கம். அச்சகம் வைத்திருக்கும் கணவன் அதற்குக் கல்யாண ஆல்பம் மாதிரி அட்டை போட்டுக் கொடுத்தான்.

"உன் கேள்வி எங்கம்மா இருக்கு? தேடித் தேடிக் கண்ணு வலிக்குது" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. அட்டையைக் கழற்றச் சொல்லி, மகிமையையும் வெட்டித் தள்ளினார். மிஞ்சியது ஒரு நல்ல கேள்வி: மருந்து கொடுப்பதில் தவறு நடந்தால், நர்ஸ்கள் ஏன் அதை மேலே சொல்வதில்லை? தன் வார்டில் இருக்கும் நர்ஸ்களிடம் நேர்காணல் எடுப்பது என்பது முறை. அது நடைமுறையில் சாத்தியமா என்பது பற்றிய பகுதியை மட்டும் கடைசி நேரத்தில் அவளே எழுதிச் சேர்த்தாள். பேராசிரியைக்குக் காட்டவில்லை.

தேர்வுக் குழுவில் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். மெல்லிய குரல். அந்தப் பகுதியை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"'இவர்கள் அனைவரும் என் பொறுப்பில் பணிபுரிபவர்கள் என்பதால், யாரும் மறுக்க மாட்டார்கள்.' இதை பலம்னு எழுதியிருக்கீங்க, இல்லையா?"

"ஆமாங்க. நான் சொன்னா ஒருத்தரும் தட்ட மாட்டாங்க."

"சரி. உங்க வார்டுல கடைசியா எப்போ ஒருத்தங்க உங்ககிட்ட வந்து தப்பு பண்ணிட்டேன்னு சொன்னாங்க?"

"என் வார்டுல அப்படித் தப்பே நடந்ததில்லைங்க" என்றாள், தலை நிமிர்ந்து.

"நடக்கலையா? இல்ல, உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வழிகாட்டிப் பேராசிரியை மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. திருத்திக்கொண்டு இன்னும் ஒரே ஒரு தடவை வரலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மருந்து அறையில் இருந்த இளைய நர்ஸிடம், தவறு எதையாவது மறைத்ததுண்டா என்று நேராகவே கேட்டுவிடலாம் என்று போனாள். இவளைக் கண்டதுமே அந்தப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. கேட்க வந்தது வாயிலேயே நின்றுபோய், "சாப்பிட்டியா?" என்றாள்.

"இதோ முடிச்சிட்டேன்க்கா, இன்னும் ரெண்டு பேருக்குத்தான் மருந்து பாக்கி!"

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு இந்தப் பதில். இத்தனை வருஷமும் மரியாதை என்று நினைத்ததெல்லாம் பயம்தான் என்பது அவளுக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. தன்னை நினைத்தால் அவளுக்கே கேவலமாக இருந்தது.

திட்டத்தை அடியிலிருந்து எழுதினாள். கேள்வியைச் சுருக்கினாள்: தவறு நடந்தது என்று தெரிந்ததும் ஹெட் நர்ஸ் நடந்துகொள்ளும் விதத்துக்கும், நர்ஸ்கள் தவறைச் சொல்ல முன்வருவதற்கும் தொடர்பு உண்டா? தனக்கு அதிகாரமே இல்லாத வேறு இரண்டு மருத்துவமனைகளைத் தேர்ந்து, இரண்டிலும் பேசிச் சம்மதம் வாங்கினாள். பெயர் எழுத வேண்டாத கேள்வித்தாள், பூட்டிய பெட்டி, முதலில் சிலரிடம் மட்டும் ஒரு சோதனை. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம். சொந்த வார்டை விட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: 'அங்கே ஆய்வாளரே ஹெட் நர்ஸ். இதுவரை எவரும் அவரிடம் ஒரு தவறைக்கூடச் சொன்னதில்லை.'

"'ஒருசார்பைத் தவிர்க்க'ன்னு போட்டா போதுமேம்மா. ஏன் இப்படி உன்னையே போட்டுக் கொடுக்கிற?" என்றார் பேராசிரியை.

"உண்மையான காரணம் அதுதானே மேடம். இருக்கட்டும்."

இந்தத் தடவை குழுவில் அதிகம் கேட்கவில்லை. திட்டம் தேறியது. விடுப்புக்காக அதன் நகல் நர்சிங் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே போனது வார்டுக்கு வராமல் இருக்குமா? எல்லோரும் படித்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அந்த வாரக் கடைசியில் இளைய நர்ஸ் அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்..."

"என்ன, சொல்லு!"

பழக்கதோஷம், குரல் சைரனாகவே வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள்.

"ஒண்ணும் இல்லக்கா. அப்புறம் வரேன்."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனாள்.