நான் சொன்ன ஒரு 'ம்'

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து கொடுக்கப் போய்க்கொண்டிருந்த காலம். மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேன் தீர்ந்துவிட்டது, வாங்குங்கள் என்று அங்கிருந்த சர்ஜனிடம் இரண்டு வாரமாகச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். பழைய ஹாலோதேன்தான் இருக்கிறதே என்பார்.

அன்று வந்தவள் ஐந்து வயதுப் பெண். தறிக்கு நூல் தார் சுற்றும் மோட்டாரில் விரல் சிக்கிக் கிழிந்திருந்தது. கொழுகொழு கையில் நரம்பு அகப்படவில்லை. இரண்டு முறை குத்தியதற்கே அலறிவிட்டாள். மாஸ்க் வழியாகத் தூங்கவைத்து, பிறகு ஊசி போடலாம் என்று முடிவு செய்தேன். இருந்தது ஹாலோதேன் மட்டும்.

மாஸ்க்கை வைத்து, சில மூச்சுக்கு ஒரு முறை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். சர்ஜன் கையுறையோடு நின்றார்.

"என்னம்மா, இன்னும் தூங்கலையா?"

ஹாலோதேன் மெதுவாகத்தான் பிடிக்கும் சார், ரத்தத்தில் நிறையக் கரைகிற மருந்து என்றேன்.

"நல்லா கரைஞ்சா சீக்கிரம்தானே வேலை செய்யணும்?"

எரிச்சல் தலைக்கேறியது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மூளையைத் தூங்கவைப்பது ரத்தத்தில் கரைந்த மருந்தின் அளவு அல்ல, அதன் அழுத்தம். நுரையீரல் காற்றில் ஒரு பங்கு இருந்தால், சமநிலையில் அதே அளவு ரத்தம் ஹாலோதேனை இரண்டு பங்குக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே போவதையெல்லாம் ரத்தம் வாரிக்கொண்டே இருப்பதால், நுரையீரலில் அழுத்தம் ஏற நேரமாகும், மூளையிலும் அப்படியே. செவோஃப்ளூரேனை ரத்தம் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் எடுக்கும். அதனால் அழுத்தம் சட்டென்று ஏறும், பிள்ளை சீக்கிரம் தூங்கும். ஒரே மூச்சில் அளவை ஏற்றலாமே என்றால், ஹாலோதேன் இதயத்தை அடக்கிவிடும்.

அவர் மூன்றாவது முறை "ஆச்சா?" என்றபோது, அவள் மூச்சு இன்னும் சீராகவில்லை, விழிகள் அலைந்துகொண்டிருந்தன. அது எனக்குத் தெரிந்தது. செவோஃப்ளூரேன் என்றால் இந்நேரம் ஆழ்ந்திருப்பாள் என்ற பழக்கமும் அந்த எரிச்சலும் சேர்ந்து, வாயைத் திறக்காமல் "ம்" என்றேன்.

அவர் காயத்தைக் கழுவத் தொட்டார். மயக்கம் ஆழாத நிலையில் வலி பட்டதும் குழந்தையின் குரல்வளை இறுக மூடிக்கொண்டது. நெஞ்சு இழுத்தது, காற்று போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் ஒலி இறங்கிக்கொண்டே வந்தது. கையை எடுங்கள் என்று கத்தினேன். தாடையை முன்னுக்குத் தள்ளி, மாஸ்க்கை அழுத்தி, முழு ஆக்சிஜனைக் கொடுத்தேன். குரல்வளையைத் தளர்த்தும் மருந்தைத் தொடையில் போட நர்ஸ் ஊசியில் ஏற்றி முடிப்பதற்குள், மாஸ்க்கோடு இணைந்த மூச்சுப் பை அசைந்தது. உதடு சிவந்தது.

தையல் நல்லபடியாக முடிந்தது. ஹாலோதேன் மோசம், இனி செவோஃப்ளூரேனே வாங்கிவிடுகிறேன் என்றார் சர்ஜன். நான் மறுக்கவில்லை.

வெளியே அவள் அம்மாவிடம், நடுவில் கொஞ்ச நேரம் மூச்சு அடைத்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நேரமாச்சே மா. அவசரப்படாம பொறுமையா பாத்துக்கினீங்க."