இருபத்து நான்கு கட்டம்

நவமணி ஈப்போவில் ஷரபுதீன் முதலாளியின் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றைத் துண்டு துண்டாக விற்றபோது வெளியேறிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. ரசீதுப் புத்தகம், பள்ளி நோட்டு, நாட்காட்டி என்று அச்சாகி வருகிற தாளை எண்ணுவதும் வெட்டுவதும் தைப்பதும் அவள் வேலை. கல்யாணமான பிறகும் அதை விடவில்லை. கணவன் ஜெயபாலன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரே மகள் புனிதா.

ஜெயபாலன் கெட்டிக்கார ஆட்டக்காரன். காப்பிக்கடையில், எதிராளி காயைத் தாண்டி வெட்டுகிற டாம் ஆட உட்கார்ந்தால் மலாய்க்காரப் பெரியவர்களே பலகையை அவன் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். எழுபத்தேழாம் ஆண்டில் எட்டு வயது புனிதாவுக்கும் டாம் கற்றுக்கொடுத்தான். பிள்ளை ஆர்வமாகத்தான் தொடங்கினாள். ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. பிறகு பலகையைப் பார்த்தாலே வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் வலியக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடுவில் வேண்டுமென்றே ஒரு காயைத் தப்பாக நகர்த்தினான். புனிதா வெட்டவில்லை. அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பலகையில் இருந்த எல்லாவற்றையும் கையால் தள்ளிவிட்டாள்.

"வேணும்னே விடுறீங்க. எனக்குத் தெரியும்லா."

"வெளையாட்டுதானம்மா."

"வெளையாட்டுன்னா ஏன் பொய்யா ஆடுறீங்க?"

அடுப்படியிலிருந்து நவமணி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் பேரிலும் அவளுக்குக் கோபமில்லை. ஒருவன் எப்போதும் ஜெயிக்கிற ஆட்டம் இரண்டு பேருக்குமே உதவாது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் அச்சகத்தில் நாட்காட்டி அட்டையின் கழிவிலிருந்து சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்தாள். வளைந்து போகிற ஒரு பாதை வரைந்தாள். ஆளுக்கு ஒரு காய், ஒரு பகடை. விழுகிற எண்ணுக்கு நகர வேண்டும், முதலில் கடைசிக் கட்டம் சேருகிறவர் ஜெயித்தவர். புனிதா இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாள். மூன்றாவதற்கு ஜெயபாலன் ஒரு கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு மறுகையால் பகடையைப் போட்டான். அதிலும் புனிதாதான் ஜெயித்தாள். ஆனால் சந்தோஷப்படவில்லை.

"நான் என்னா செஞ்சேன்? டைஸ்தான ஜெயிச்சுச்சு."

நவமணி அந்த அட்டையைத் திருப்பிப்போட்டு மறுபடி வரைந்தாள். இந்த முறை தோட்டத்தில் தாயம் ஆடியது அவளுக்கு நினைவிருந்தது. அறுபது கட்டம் உள்ள ஒரே பாதை, ஆளுக்கு நான்கு காய். பகடை விழுந்ததும் எந்தக் காயை நகர்த்துவது என்பது ஆடுகிறவர் இஷ்டம். எதிராளி காய் இருக்கிற கட்டத்தில் போய் விழுந்தால் அதை வெட்டலாம், வெட்டுப்பட்டது தொடக்கத்துக்குப் போகும். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நின்றால் வெட்ட முடியாது. கடைசிக் கட்டத்தை எட்டிய காய் பழம். எல்லாக் காயும் பழமானால் வெற்றி.

இப்போது ஜெயபாலன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டான். புனிதாவும் யோசித்து யோசித்து ஆடினாள். இரண்டு வாரம் அப்படிப் போனது. நவமணி ஒவ்வொரு ஆட்டத்தையும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வைத்தாள். இருபது ஆட்டத்தில் அப்பா பதினெட்டு, மகள் இரண்டு.

"பகடைதான் இருக்கே, அப்புறம் ஏன் இவ தோக்குறா?" என்று ஜெயபாலனே கேட்டான். அவனுக்கும் இப்போது ஜெயிப்பது கூச்சமாக இருந்தது.

நவமணிக்குப் பதில் இரண்டு நாள் கழித்து வேலை நடுவே கிடைத்தது. ரசீதுப் புத்தகத்துக்கு இருபத்தைந்து இருபத்தைந்தாகத் தாள் பிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணாமல் கைக்கு வந்தபடி அள்ளினால் ஒரு பிடியில் இருபத்திரண்டு வரும், இன்னொன்றில் இருபத்தெட்டு. ஒரு பிடியை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம். இருபது பிடி சேர்த்துவிட்டால் மொத்தம் ஐந்நூறுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

அன்று சாயங்காலம் ஜெயபாலனிடம் சொன்னாள். "நாலு காய் அறுபது கட்டம் போகணும்னா அறுபது எழுபது தடவ பகடை போடணும். அவ்ளோ போட்டா ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விழும். அப்ப மிச்சம் இருக்கறது மூள மட்டும். அதுல நீங்கதான பெரிய ஆளு."

"அப்ப?"

"கொறச்சலா போடுற மாதிரி வைக்கணும். அதிர்ஷ்டம் சரிக்கட்டுறதுக்கு முன்னாடி ஆட்டம் முடிஞ்சிடணும்."

குறைப்பதிலும் ஓர் அளவு இருந்தது. இரண்டு காயும் பதினாறு கட்டமுமாக வைத்தபோது இருபது ஆட்டத்தில் ஆளுக்குப் பத்து வந்தது. நவமணி சந்தோஷப்பட்டாள். ஜெயபாலன் படவில்லை. "இது காசு சுண்டுற மாதிரிலா இருக்கு. யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது," என்றான். ஒரே காய் வைத்தால் தேர்வே இல்லை, பழைய கதைதான். கடைசியில் இரண்டு காய், இருபத்து நான்கு கட்டம், நான்கு, பன்னிரண்டு, இருபது ஆகிய மூன்று கட்டத்தில் பெருக்கல் குறி என்று நின்றது. பழமாவதற்குச் சரியான எண் விழ வேண்டியதில்லை, கூட விழுந்தாலும் சேர்ந்துவிடலாம். இருபதில் அப்பா பதின்மூன்று, மகள் ஏழு.

அந்த ஏழு வெற்றியையும் புனிதா ஞாபகம் வைத்திருந்தாள். எந்த ஆட்டத்தில் எந்தக் காயை எங்கே நிறுத்தி ஜெயித்தாள் என்று பக்கத்து வீட்டு இருளாயியிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். தோற்ற பதின்மூன்றுக்கும் காரணம் சொன்னாள். அவை பகடையால் தோற்றவையாம்.

எழுபத்தொன்பதில் ஷரபுதீன் இந்த அட்டையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நவமணி கொண்டுவந்திருந்த அதை வைத்து அச்சகத்துப் பையன்கள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாட்காட்டி வேலை முடிந்து இயந்திரம் சும்மா கிடந்த மாதம் அது. பள்ளி விடுமுறைக்கு அச்சடித்துக் கடைகளுக்குப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஒரே ஒரு குறை சொன்னார்.

"கட்டம் பத்தாது நவமணி. அறுபது போடு, நாலு காய் வையி. கால் மணி நேரத்துல முடிஞ்சா வாங்குறவன் திட்டுவான்லா."

"மொதல்ல அறுபதுதான் போட்டேன் முதலாளி. பிள்ளைங்க ஜெயிக்காதுங்க."

"ஜெயிக்காட்டி என்னா? பெரியவங்களப் பாத்துக் கத்துக்கட்டும்."

"கத்துக்காதுங்க. எந்திரிச்சுப் போயிடுங்க."

அவர் அவளை நம்பவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய அறுபது கட்ட அட்டையையும் இதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி பதுருன்னிசாவும் ஒன்பது வயது மகள் ஷம்சாத்தும் இருந்தார்கள். காலையில் அறுபது கட்ட அட்டையை விரித்தார்கள். முதல் ஆட்டம் முக்கால் மணி நேரம் ஓடியது. ஷரபுதீன் ஜெயித்தார். இரண்டாவதில் ஷம்சாத்தின் இரண்டு காய் வெட்டுப்பட்டதும் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. பதுருன்னிசா சமையலறையிலிருந்து, "இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. அதுவே பரவால்லங்குறா," என்று குரல் கொடுத்தாள்.

சாப்பிட்ட பிறகு இருபத்து நான்கு கட்டத்தை எடுத்தார்கள். முதல் மூன்று ஆட்டமும் ஷரபுதீனுக்கு. நான்காவது ஷம்சாத்துக்கு. நல்ல பகடை விழுந்தது, ஜெயித்தாள், அவ்வளவுதான். ஐந்தாவதுதான் நவமணி பல வருஷம் கழித்தும் கட்டம் கட்டமாகச் சொன்ன ஆட்டம்.

ஷரபுதீனின் ஒரு காய் இருபதிலும் மற்றது பன்னிரண்டிலும் இருந்தன. இரண்டுமே பெருக்கல் குறி, வெட்ட முடியாது. ஷம்சாத்தின் காய்கள் பதினேழிலும் பத்தொன்பதிலும். ஷரபுதீனுக்கு இரண்டு விழுந்தது. பின்னால் இருந்ததை நகர்த்தியிருந்தால் ஆபத்தில்லை, மகளின் காய்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. அவர் பழத்துக்குக் கிட்டே போகும் ஆசையில் முன்காயை எடுத்து இருபத்திரண்டில் வைத்தார்.

ஷம்சாத்துக்கு ஐந்து விழுந்தது. பத்தொன்பதில் இருந்ததை நகர்த்தினால் நேராகப் பழம். பிள்ளைகள் பழத்தை விடுவதில்லை. அவள் விரல் அந்தக் காயின் மேல் போய் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு, பதினேழிலிருந்து ஐந்து எண்ணி இருபத்திரண்டில் வைத்தாள். அத்தாவின் காயை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

நாலைந்து சுற்றில் ஷம்சாத் ஜெயித்தாள்.

"அஞ்சு விழுந்துச்சு. அதிர்ஷ்டம்," என்றார் ஷரபுதீன்.

"அஞ்சு விழுந்தது அதிர்ஷ்டம்தான் அத்தா. பத்திரமா இருந்த காய நீங்க ஏன் வெளிய எடுத்து வச்சீங்க?"

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காய்களைப் பொறுக்கித் தொடக்கத்தில் வைத்தார். "இன்னொன்னு ஆடு, வா," என்றார். பதுருன்னிசா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலோரம் நின்று பார்த்தாள். அவள் கணவர் பிள்ளையிடம் இன்னோர் ஆட்டம் கேட்டு அதுவரை அவள் பார்த்ததில்லை.

ஷரபுதீன் ஒத்துக்கொண்டார், ஆனால் வியாபாரி ஒத்துக்கொள்கிற விதத்தில். அட்டையின் ஒரு பக்கம் இருபத்து நான்கு, மறுபக்கம் அறுபது என்று இரண்டையும் அச்சடித்தார். பெட்டியின் மேல் அச்சகத்தின் பெயர் இருந்தது. நவமணியின் பெயரைப் போட வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஐந்நூறு பெட்டி ஈப்போவிலும் சுற்றுப்பட்டணங்களிலும் மளிகைக் கடைகளுக்குப் போயின. அடுத்த ஆண்டு மறுபடி அச்சடித்தபோது நவமணி பெட்டிக்குள் வைக்கிற விதித்தாளில் ஒரு வரி சேர்த்தாள்: நான்கு பேருக்கு மேல் ஆட வேண்டாம். ஆறு பேர் உட்கார்ந்தால் அந்தச் சின்னப் பாதையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டே இருப்பதால் ஆட்டம் முடிவதில்லை என்று ஒரு கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது தடவை அச்சடிக்கவில்லை.

எண்பத்து மூன்றில் ஒரு கல்யாணத்துக்காக நவமணி ஆயர் தாவாருக்குப் போனாள். உறவுக்காரர் சன்னாசியின் வீட்டுத் தரையில் அந்த அட்டை கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். இருபத்து நான்கு கட்டப் பக்கம் தேய்ந்து எண்கள் பாதி போயிருந்தன. யாரோ பேனாவால் மறுபடி எழுதியிருந்தார்கள். மறுபக்கத்தில் மை அப்படியே பளபளத்தது.

சன்னாசியின் ஏழு வயதுப் பேத்தி நல்லம்மாள் அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். "ஒங்களுக்கு ஆடத் தெரியுமா பெரியம்மா?"

"கொஞ்சம் தெரியும்."

"ஆறு விழுந்தா இன்னும் ஒரே ஒரு தடவ போடணும். அது எங்க வீட்டுச் சட்டம்."

அந்தச் சட்டத்தை நவமணி எழுதவில்லை. பகடையின் கை அதனால் கொஞ்சம் ஓங்கும், பெரியவர்களின் கை கொஞ்சம் தாழும். சன்னாசி வீட்டில் எல்லோரும் வளர்ந்தவர்கள், சிறுசு இவள் ஒருத்திதான். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். நல்லம்மாளுக்கு ஒரு முறை அடுத்தடுத்து இரண்டு தடவையும் ஆறு விழுந்தது. அந்தப் பன்னிரண்டையும் ஒரே காய்க்குக் கொடுக்காமல் பிரித்து, இரண்டு காயையும் பெருக்கல் குறியில் கொண்டுபோய் நிறுத்தினாள். நவமணி தோற்றாள். இன்னொன்று ஆடலாம் என்று தோற்றவளே சொல்லும்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.