கோடில்லாத அட்டவணை

அரியலூரில் இருக்கும் அக்காவுக்குக் கண் மங்கல். அத்தானுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். அவர் குடிக்கும் தண்ணீருக்கு ஆஸ்பத்திரியில் அளவு வைத்திருந்தார்கள். அரைத் தம்ளர் கொடுத்தால் அக்கா தாளில் ஒரு கீறல் போடுவாள். நாளுக்கு ஒரு வரிசை. நர்ஸம்மா ஸ்கேல் வைத்துப் போட்டுத் தந்த அட்டவணை அது. தண்ணீர்க் கட்டம் மட்டும் அகலம்.

ஆடி மாதம் வெற்றுத்தாள்கள் தீர்ந்தன. நர்ஸம்மா மாற்றலாகிப் போயிருந்தார். வெற்றுத்தாளின் போட்டோ ஒன்று என் போனில் இருந்தது. அச்சிட்டால் நிழல் கறுப்பாக விழுந்தது. பெரம்பலூரில் என் வீட்டுக்குப் பக்கத்து டைப்பிங் கடையில் கொடுத்தேன். கடைக்காரப் பெண் படத்தை எக்செல்லில் அட்டவணையாக்கி வேர்டுக்குக் கொண்டுவந்தார். நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். இரண்டு பிழை கண்டுபிடித்ததில் எனக்குத் திருப்தி. தாளில் கோடுகளே இல்லை, தண்ணீர்க் கட்டமும் குறுகியிருந்தது. பார்த்தேன். தலைப்புகள் சரியாக இருக்கின்றனவே என்று பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை அத்தானுக்கு மூச்சு வாங்கியது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் இருந்தபடி அவர் அக்காவிடம் சொன்னார்: “உன் தம்பி கோடு போடாம விட்டது நல்லதுதான்டி. ரெண்டு தம்ளர் கூடக் கெடச்சுது.”

அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். “எழுத்தா தெரியுது எனக்கு? கறுப்பா கோடு இருந்தாத்தான்டா புடிபடும். நேத்து எது, இன்னிக்கு எதுன்னே தெரியல.”

திங்கட்கிழமை, பழைய தாள் ஒன்றோடு கடைக்குப் போனேன். “ஸ்க்ரீன்ல தெரியுற மங்கல் கோடு பிரிண்ட்ல வராது சார். பார்டர்னு நாமதான் போடணும்,” என்றார் அந்தப் பெண். எழுத்துக்குத் தக்கபடி கட்டம் தானாகச் சுருங்கும் வசதி வேர்டில் இயங்கிக்கொண்டிருந்ததாம். அதனால்தான் காலிக் கட்டம் குறுகியதாம். அதை நிறுத்தினார். பழைய தாளில் நான் ஸ்கேலால் அளந்து சொன்ன சென்டிமீட்டரை ஒவ்வொரு கட்டத்தின் அகலமாகக் கொடுத்தார். வரிசை உயரத்தையும் நிலையாக வைத்தார். எல்லாக் கட்டங்களுக்கும் தடித்த கறுப்புப் பார்டர் போட்டார். தாள் பழையதைப் போலவே வந்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை.

புதுத்தாளில் ஐந்து வரிசைகள்தான் நிரம்பின. ஆறாம் நாள் அத்தான் போய்விட்டார். இதயம் என்றார்கள் டாக்டர்கள். கோடில்லாத தாள் இருந்த வாரத்துத் தண்ணீரால்தானா என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை. நானும் டாக்டரிடம் கேட்கவில்லை.

கோடில்லாத அந்த முதல் தாளை என் நாட்குறிப்புகளோடு வைத்திருக்கிறேன். எதற்கும் தேதி குறித்துவிடுகிறவன் நான். அதில் நாற்பத்தொரு கீறல்கள் இருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து. அவற்றில் எவை வெள்ளிக்கிழமையுடையவை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.